விளையாட்டு நாளில் பெற்றோருக்கு என்ன வேலை கொடுப்பது?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் தமிழ்க் குழந்தைகளுக்கு வரும் ஞாயிறு காலை 8 முதல் 10 மணி வரை விளையாட்டு நாள். 4 முதல் 6 வயது வரை 24 பேர். முதலிடம், பரிசு எதுவும் கிடையாது. ஆனால் ஒத்திகையில் பெற்றோர் முடிவுக் கோட்டில் நின்று "ஓடு, ஓடு" என்று கத்தியதும் அது போட்டியாகிவிட்டது. கடைசியாக வந்த குழந்தை அழுதுவிட்டது, பாவம்.

முடிவுக் கோட்டை எடுத்துப் பார்த்தோம். ஆளாளுக்கு அம்மாவிடம் ஓடினார்கள். அப்புறம் நனைத்த ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து பிழிந்து, எல்லோரும் ஒரே வாளியை நிரப்பும் ஓட்டம் வைத்தோம். வாளி நிரம்பியதும் சேர்ந்து குதித்தார்கள். இதை வைத்துக்கொள்கிறோம்.

15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் இடைவேளை. நிழலில் பாட்டில் கொடுக்க இரண்டு பேர், வாளிப் பக்கம் இரண்டு பேர் போதும். மீதி 20 பெற்றோர் சும்மா நிற்பதால்தான் கத்தல்.

இவர்களுக்கு என்னென்ன வேலை பிரித்துக் கொடுக்கலாம்?