‘ரேஸ் டு 10’ என்பதைத் தமிழில் எவ்வாறு சொல்வது?

தொடக்க மடல்:
வணக்கம். ஸ்னூக்கரில் ஒரு ஃபிரேமை வெல்லும் நிகழ்தகவிலிருந்து முழு ஆட்டத்தை வெல்லும் நிகழ்தகவைக் கணிப்பது பற்றி எழுதி வருகிறேன். முதலில் 10 ஃபிரேம்களை வெல்பவரே ஆட்டத்தை வெல்வார் என்பதைக் குறிக்கும் ‘ரேஸ் டு 10’ என்பதை ‘ஓட்ட நீளம்’ என்றால், நம் வாசகர் கிரிக்கெட் ஓட்டத்தையே நினைப்பார். ஆகவே ‘வெல்லிலக்கு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஒரு ஃபிரேமை வெல்ல 55 விழுக்காடு வாய்ப்புள்ளவருக்கு, வெல்லிலக்கு 4 எனில் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 60.8 விழுக்காடு. உலக வாகையர் போட்டியின் முதல் சுற்றைப்போல் 10 எனில் 67.1, அதன் இறுதியாட்டத்தைப்போல் 18 எனில் 72.5. வாய்ப்பின் தலைகீழான நியாயமான பந்தய விகிதமும் 1.64, 1.49, 1.38 என இறங்குகிறது.

மறுமொழி 1:
‘ஆட்ட நீளம்’ போதாதா? முதல் சுற்றில் அதிகபட்சம் 19 ஃபிரேம்கள் என்று அறிவித்துவிட்டால், பாதிக்கு மேல் வெல்ல வேண்டும் என்பது தானே விளங்கும். டார்ட்ஸுக்கும் இதே கணக்கு அப்படியே பொருந்தும்.

மறுமொழி 2:
எங்கள் மன்றத்தில் கேரம் 25 புள்ளிக்கு ஆடுகிறோம். அதையும் ‘வெல்லிலக்கு 25’ எனலாமா?

தொடக்க மடலாளர்:
சொல்லளவில் தடையில்லை. ஆனால் கேரத்தில் ஒரு போர்டுக்குக் கிடைக்கும் புள்ளி மாறிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு வெற்றியையும் ஒன்றாக எண்ணும் இந்தக் கணிப்பு முறை அங்கே செல்லாது. ‘ஆட்ட நீளம்’ எனக்கு உடன்பாடில்லை. 10-2 என முடிந்த ஆட்டத்தின் நீளம் 12 என்றும் ஒருவர் பொருள்கொள்ளலாம். மேலும், ஆட்டத்தின் நடுவே 7-5 என்றிருக்கும்போது ஒருவருக்கு இன்னும் 3, மற்றவருக்கு 5 என்பதே கணக்குக்கு வேண்டிய செய்தி. அதை ‘எஞ்சிய வெல்லிலக்கு’ என்று எளிதாகச் சொல்லிவிடலாம்.

மறுமொழி 3:
சொல்லை ஏற்கிறேன். ஆனால் டார்ட்ஸுக்கு அப்படியே பொருந்தும் என்பது பாதிதான் சரி. ஸ்னூக்கரில் ஃபிரேம் போல டார்ட்ஸில் ஆட்டத்தின் ஒரு பகுதி லெக்; அதைத் தொடங்கி எறிபவருக்கு அங்கே பெரிய சாதகம் உண்டு. ஒருவர் தாம் தொடங்கும் லெக்கை 70 விழுக்காடும், எதிராளி தொடங்கும் லெக்கை 40 விழுக்காடும் வெல்கிறார் என்று கொள்வோம்; சராசரி அதே 55. வெல்லிலக்கு 4 எனில், முதல் லெக்கை அவர் தொடங்கினால் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 66.1, எதிராளி தொடங்கினால் 56.5. இருவரும் மாறி மாறித் தொடங்குவதால், கடைசி லெக் வரை போனால் முதலில் தொடங்கியவருக்கு நான்கு தொடக்கங்கள், மற்றவருக்கு மூன்றே என்பதுதான் காரணம். முதலில் எறிபவர் யாரெனத் தெரியுமுன் இரண்டின் சராசரியான 61.3-ஐக் கொள்ளலாம், அது 60.8-க்கு மிக அருகில் இருப்பதாலேயே இந்தப் பிழை பலர் கண்ணில் படுவதில்லை. தெரிந்த பின்னும் 55-ஐ மட்டும் வைத்துக் கணிப்பது தவறு. ஆகவே ‘தொடக்க லெக்’, ‘எதிர் லெக்’ என்னும் இரண்டு சொற்களும் நமக்கு வேண்டும்.

மறுமொழி 1:
என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். ஆயினும் ‘எதிர் லெக்’ என்பதை எதிராளி வென்ற லெக் என்று படிக்க இடமுண்டு. ‘மறுதொடக்க லெக்’ என்றால், நின்றுபோன ஆட்டத்தை மீண்டும் தொடங்கியதுபோல் ஒலிக்கிறது.

தொடக்க மடலாளர்:
‘வெல்லிலக்கு’ என்பதைக் கட்டுரையில் பயன்படுத்துகிறேன். ‘எதிர் லெக்’குக்கு நல்ல மாற்று கிடைக்கும்வரை ‘எதிராளி தொடங்கும் லெக்’ என்று விரித்தே எழுதுவேன்.