பார்சல் கட்ட ஆள் வைத்தேன், லாபம் குறைந்தது: உங்களுக்கும் இப்படி ஆனதா?

தங்கச்சிமடம், கருவாட்டு வியாபாரி

கொஞ்ச நாள் முன்னால் சொந்தக்காரர் ஒருவர், "உன் ஒரு மணி நேரம் என்ன பெறும் என்று கணக்குப் போடு. அதைவிடக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிற வேலையை எல்லாம் தள்ளிவிடு" என்றார். சரி என்று உட்கார்ந்தேன். செலவெல்லாம் போக மாதம் 42,000 ரூபாய் நிற்கிறது. தினம் 11 மணி நேரம், மாதம் 28 நாள் உழைக்கிறேன், மொத்தம் 308 மணி. வகுத்தால் மணிக்கு 136 ரூபாய்.

இரண்டு வாரம் ஒரு பழைய நோட்டில் அரை மணிக்கு ஒரு தடவை என்ன செய்கிறேன் என்று எழுதிவைத்தேன். அதிகம் தின்றது பார்சல் கட்டுகிற வேலை, தினமும் மத்தியானம் இரண்டரை மணி நேரம். மதுரை, கோயம்புத்தூர் ஆர்டர்களுக்குக் கருவாட்டை எடை போட்டு, இரண்டு உறை போட்டு, டேப் ஒட்ட வேண்டும். அதை மணிக்கு 60 ரூபாய் வாங்கும் ஓர் அக்காவிடம் கொடுத்தேன். நான் இரண்டரை மணியில் முடிப்பதற்கு அவருக்கு மூன்றரை மணி ஆகும், ஆக 210 ரூபாய். கட்டி முடித்ததை நான் 20 நிமிடம் சரிபார்க்கிறேன், அது 45 ரூபாய். மொத்தம் 255. நானே கட்டினால் 340. தினம் 85 ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

மாதக் கடைசியில் பார்த்தால் கையில் கிட்டத்தட்ட 5,500 ரூபாய் குறைவு! 26 நாள் கூலி அப்படியே போயிருக்கிறது. மிச்சமான நேரத்தில் என்ன செய்தேன் என்று நோட்டைப் புரட்டினால் டீக்கடை, பேப்பர், பாலத்துப் பக்கம் ஒரு நடை. போதாததற்கு ஒரு பார்சலில் உறை சரியாக ஒட்டாமல் ஈரம் ஏறித் திரும்பி வந்தது, அது தனியாக 450 ரூபாய். கணக்கு தப்பா, நான் தப்பா?

கீழக்கரை, ஃபேன்சி ஸ்டோர்

அண்ணே, கணக்கு சரிதான், நீங்கள்தான் உங்களைக் குறைவாக மதிப்பிட்டிருக்கிறீர்கள். என் கடையில் தினம் 9,000 ரூபாய்க்கு வியாபாரம், 12 மணி நேரம் கடை. என் மணி 750 ரூபாய். அதனால் தினம் 500 ரூபாய் சம்பளத்தில் ஒரு பையனை வைத்துவிட்டேன். கடை கூட்டுவது, சரக்கு அடுக்குவது, பேங்கில் பணம் கட்டப் போவது எல்லாம் அவன்தான். நான் கல்லாவை விட்டு எழுவதே இல்லை.

ராமநாதபுரம், கணக்கு எழுதுகிறவர்

கீழக்கரைத் தம்பி, 9,000 என்பது கடைக்கு வந்துபோகிற பணம், உங்கள் பணம் இல்லை. ஃபேன்சி சாமானில் நூற்றுக்குப் பதினைந்து நின்றால் 1,350. வாடகை, கரண்டில் தினம் 450 போனால் மீதி 900. உங்கள் மணி 75 ரூபாய்தான். 500 ரூபாய்ப் பையன் உங்கள் ஆறரை மணி நேரத்துக்கு மேல் சாப்பிடுகிறான்.

ஆனாலும் பேங்குக்கு அவனை அனுப்புவது நல்ல முடிவு, காரணம்தான் வேறு. நீங்கள் போனால் 40 நிமிடம் ஷட்டர் இறங்கும், வந்த வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார். அவன் கூட்டிப் பெருக்குவதில் அப்படி எதுவும் மிச்சமாகவில்லை.

தங்கச்சிமடத்தாருக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். கடைக் கட்டடம் உங்கள் சொந்தம் என்று நினைக்கிறேன். அதை வாடகைக்கு விட்டால் என்ன வரும்? சரக்கில் உங்கள் சொந்தப் பணம் எவ்வளவு கிடக்கிறது?

தங்கச்சிமடம், கருவாட்டு வியாபாரி

சொந்தக் கட்டடம்தான் சார். விட்டால் 5,000 வரும். சரக்கில் ஆறு லட்சம் இருக்கும்.

ராமநாதபுரம், கணக்கு எழுதுகிறவர்

அந்த ஆறு லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டு நீங்கள் படுத்துத் தூங்கினாலும் மாதம் 3,500 வரும். கட்டடம் 5,000. இந்த 8,500 உங்கள் உழைப்புக்கு வந்தது இல்லை. 42,000-இல் கழித்தால் 33,500, அதை 308-ஆல் வகுத்தால் 109 ரூபாய். இந்த விலையில் பார்சல் கணக்கைத் திரும்பப் போடுங்கள். உங்கள் இரண்டரை மணி 272, அக்காவின் கூலியும் உங்கள் சரிபார்ப்பும் சேர்ந்து 246. தினம் மிச்சம் 26 ரூபாய். ஒரு பார்சல் திரும்பினால் 17 நாள் மிச்சம் காலி.

இதுவும் பாதிக் கணக்குத்தான். 109 என்பது சராசரி. காலை, மத்தியானம், ராத்திரி எல்லாவற்றையும் ஒரே குழம்பாகக் கலக்கியது. ஒரு வேலையைக் கொடுத்தால் எந்த மணி உங்களுக்குக் கிடைக்கிறது, அந்த மணியில் வேறு என்ன சம்பாதிக்க முடியும் என்பதுதான் கேள்வி. மத்தியானம் இரண்டு மணிக்கு உங்களுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? எதுவும் இல்லையென்றால் அந்த மணியின் விலை பூஜ்யம், கொடுத்த 210-ம் நஷ்டம். உங்கள் நோட்டில் எந்த நேரத்தில் மூச்சு முட்டியது என்று பாருங்கள்.

தேவிபட்டினம், டிபன் கடை

நானும் இதைத்தான் கேட்க நினைத்தேன். நமக்கு நாமே மாதச் சம்பளம் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்? கடைக் காசிலேயே வீட்டுச் செலவும் நடக்கிறது, எது எதுவென்றே தெரியவில்லை.

தங்கச்சிமடம், கருவாட்டு வியாபாரி

அக்கா, அது வேறு கணக்கு. நான் கேட்பது எந்த வேலையை ஆளிடம் கொடுக்கலாம் என்று.

தேவிபட்டினம், டிபன் கடை

ஓ, அதுவா. அதில் நான் சூடு பட்டிருக்கிறேன். எங்கள் ஊர் நவபாஷாணக் கோயிலுக்கு அமாவாசையில் கூட்டம் வரும், ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் சொல்லவே வேண்டாம். ஒரு தடவை சாம்பார் வைக்கிறதை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு நான் பாத்திரம் கழுவப் போனேன். எனக்கே இப்போது சிரிப்பு வருகிறது. வழக்கமாக வருகிறவர்கள் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். இப்போது அமாவாசை அன்று மட்டும் பாத்திரத்துக்கு ஆள், அடுப்படி என்னுடையது. மற்ற நாளில் பாத்திரமும் நான்தான். வீட்டுக்காரர், "உன் மணிக்கு என்ன பெரிய விலை" என்பார். அவருக்கு இந்த 109 கணக்கைக் காட்ட வேண்டும்.

தங்கச்சிமடம், கருவாட்டு வியாபாரி

மூன்று மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சார் சொன்னபடி நோட்டை மறுபடி பார்த்தேன். மூச்சு முட்டுவது விடியற்காலையில்தான், அதுவும் எல்லா நாளும் இல்லை.

ராமேஸ்வரம் விசைப்படகுகள் டோக்கன் வாங்கித் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகின்றன, மறுநாள் காலை கரை சேருகின்றன. ஆக செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியலில்தான் காரல் மீன் மொத்தமாக இறங்கும். அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்றால், வீட்டுக்குப் பின்னால். உப்புத் தொட்டியில் ஊறிய கட்டாவையும் சீலாவையும் எடுத்துக் கழுவி, வெயில் ஏறுவதற்கு முன் வலையில் பரப்ப வேண்டும். ஐந்தரைக்கு ஆரம்பித்தால் ஏழு ஆகிவிடும். ஜெட்டிக்குப் போகும்போது ஏழரை. நல்ல சரக்கெல்லாம் ஏலம் போய், ஏலத்தில் எடுத்தவரிடமே கிலோவுக்கு 8 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். வருடக்கணக்காக இதை நான் விலைவாசி என்றே நினைத்திருந்தேன்.

80 கிலோ எடுத்தால் 640 ரூபாய். ஒன்றரை மணி முன்னால் போயிருந்தால் அது என் பையில். அதாவது அந்த விடியல் மணிக்கு 400 ரூபாய்க்கு மேல் விலை! மத்தியான மணிக்கு விலையே இல்லை.

எனவே பார்சலைத் திரும்ப நானே எடுத்துக்கொண்டேன். அதே அக்காவிடம், வாரம் மூன்று விடியலுக்கு மட்டும் கழுவிப் பரப்புகிற வேலையைக் கொடுத்தேன். இருட்டோடு வர வேண்டும் என்பதால் ஒரு தடவைக்கு 150 ரூபாய் கேட்டார், என் 109 கணக்கில் நான் செய்தாலே 164 தான் வருகிறது, பெரிய மிச்சம் இல்லை. ஆனால் கிடைத்தது வேறு இடத்தில். ஒரு மாதத்தில் 13 விடியல். மூன்று நாள் மீன்பாடு இல்லாமல் வெறுங்கையோடு வந்தேன். மீதி பத்து நாளில் 6,400. கூலி 1,950 போக 4,450 நின்றது.

முதல் வாரம் அவர் மீனை நெருக்கிப் பரப்பிவிட்டார், அடிப்பக்கம் காயாமல் விரல் வைத்தால் பிசுபிசுத்தது. மூன்று நாள் கூட நின்று காட்டினேன், அந்த மூன்று விடியலும் ஏலத்துக்குப் போகவில்லை. அதையும் செலவில் எழுதியிருக்கிறேன்.

கீழக்கரை, ஃபேன்சி ஸ்டோர்

அண்ணே, அப்படியென்றால் ஜெட்டிக்கே ஒரு ஆளை அனுப்பிவிட்டு நீங்கள் தூங்கலாமே?

தங்கச்சிமடம், கருவாட்டு வியாபாரி

அனுப்பிப் பார்த்தேன் தம்பி, ஒரே ஒரு நாள். மேலே நல்ல காரல், கூடையின் அடியில் வயிறு உடைந்தது. நான் போனால் கையை உள்ளே விட்டுப் பார்ப்பேன். அவனுக்கு அது அடுத்தவர் காசு, கையை விட்டுப் பார்க்கவில்லை. மணிக்கு 50 ரூபாய்க்கு ஆள் கிடைத்தாலும் அந்த வேலையைக் கொடுக்க முடியாது.

ராமநாதபுரம், கணக்கு எழுதுகிறவர்

இங்கே நான் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்று முடியாது என்று சொல்லுங்கள். ஒரு வருடம் கூடவே கூட்டிப்போய்ப் பழக்கினால் முடியலாம். ஆனால் பழக்கியவன் அடுத்த வருடம் உங்கள் எதிரிலேயே ஏலம் எடுப்பான், அதுவும் நிஜம்.

தங்கச்சிமடம், கருவாட்டு வியாபாரி

அதைவிட அவசரமாக ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், அதற்கு நான் அடித்துப்பிடித்து ஓட வேண்டியதில்லை, என் விடியலுக்கும் அப்போது விலை இல்லை. கணக்குப்படி அக்காவை நிறுத்த வேண்டும். அவரோ, இரண்டு மாதம் சும்மா இருக்க முடியாது, மண்டபத்தில் கடல்பாசி வேலைக்குப் போய்விட்டால் திரும்பி வருவேன் என்று சொல்ல முடியாது என்கிறார். பாதிக் கூலி கொடுத்துப் பிடித்துவைத்தால் 26 விடியலுக்கு 1,950 ரூபாய். புது ஆளைப் பழக்க எனக்கு மறுபடி மூன்று விடியல், அது 1,920. கிட்டத்தட்ட சமம்.

தேவிபட்டினம், டிபன் கடை

கொடுத்துப் பிடித்துவையுங்கள். இருட்டோடு வருகிற ஆள் கிடைப்பது உங்களுக்குத் தெரியாதா?

கீழக்கரை, ஃபேன்சி ஸ்டோர்

சும்மா இருக்க எதற்குக் காசு? அந்த இரண்டு மாதம் பார்சலை அவரிடம் கொடுங்கள்.

தங்கச்சிமடம், கருவாட்டு வியாபாரி

பார்சல் கொடுத்தால் நான் மறுபடி டீக்கடையில் இருப்பேன் தம்பி. பார்க்கிறேன், தடைக்காலத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.