காடை முட்டை அவித்த அனுபவம்: அறுபதில் இருபத்திரண்டுதான் முழுசாக வந்தது

பேட்டைக்காரி

போன ஞாயிறு மகனுக்கு எட்டாவது பிறந்தநாள். இடியாப்பம், சொதி, கூடவே தட்டுக்கு இரண்டு காடை முட்டை. முட்டையைப் பிளந்தால் மஞ்சள் கரு லேசாக ஒழுக வேண்டும் என்று ஆசை. (சொதிக்கு முட்டையா என்று திட்ட நினைப்பவர்கள் வரிசையில் நிற்கவும். என் மாமியார் ஏற்கெனவே முதல் ஆளாக நிற்கிறார்.)

அன்று காலையில் எடுத்த முட்டை, பண்ணையிலிருந்தே 72 வாங்கி, 12-ஐத் தனியாக எடுத்து வைத்தேன். புதுசுதான் நல்லது என்ற நினைப்பு. மிச்சம் 60-ஐயும் ஒரே சட்டியில் போட்டு, மூழ்கும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்தேன். கொதி வந்த பிறகு மூன்று நிமிஷம் கணக்குப் பண்ணி இறக்கி, வடித்து, குழாயைத் திறந்து விட்டேன். நடுமதியம், மொட்டை மாடி டேங்க் தண்ணீர். கையே வைக்க முடியாத சூடு. அப்போது அது உறைக்கவில்லை.

உரிக்க உட்கார்ந்தால், ஓடு பொடிப்பொடியாக வருகிறது, அதோடு வெள்ளையும் சதை சதையாகப் பிய்ந்து போகிறது. உள்ளே கரு கடலை மாவு உருண்டை மாதிரி கட்டி. நானும் மைனியும் ஒன்றேகால் மணி நேரம் உரித்ததில் உருப்படியாக வந்தது 22. மிச்சத்தை உதிர்த்து முட்டைப் பொரியல் ஆக்கிவிட்டோம். யாராவது ஒழுங்காக அவித்திருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.

ஆலங்குளம் தோட்டக்காரர்

காடை முட்டையை அவயத்துக்கு வைக்க 17 அல்லது 18 நாள் ஆகும் தாயி. ஆனால் பண்ணைக் காடை தானாக அடை உட்காராது, நம்பி ஏமாற வேண்டாம். நான் ஒரு நாட்டுக் கோழிக்கு அடியில் 15 வைத்தேன். அது பாரத்தில் நாலை நசுக்கிவிட்டது, ஒன்பது பொரிந்தது. ஃப்ரிட்ஜில் வைத்த முட்டை, கழுவிய முட்டை இரண்டையும் தவிர்க்கவும்.

பேட்டைக்காரி

அண்ணாச்சி, அவயம் வைக்க இல்லை, அவிக்க! தின்பதற்கு.

ஆலங்குளம் தோட்டக்காரர்

சரி சரி, கண்ணாடி போடாமல் வாசித்துவிட்டேன். அவிக்கிறதெல்லாம் வீட்டம்மா வேலை.

தச்சநல்லூர் தனிக்கட்டை

உரிக்கவே வேண்டாம் அக்கா, வினிகர் இருக்கிறதே. அவித்த முட்டையை வெள்ளை வினிகரில் மூழ்க வைத்து ராத்திரி முழுக்க விட்டால் ஓடு கரைந்துவிடும். முதலில் குமிழ் குமிழாக வரும், புள்ளியெல்லாம் நுரையோடு மிதக்கும், காலையில் ஓடே இருக்காது. ரூமில் நாலு பேர் பார்த்து அசந்துவிட்டார்கள்.

சுரண்டை பழைய பண்ணை

ஓடு கரையும் என்பது உண்மைதான் தம்பி. ஓடு சுண்ணாம்புச் சத்து, புளிப்பில் கரைகிறது. ஆனால் அதற்கு அடியில் இருக்கும் தோல் கரையாது. ரப்பர் பை மாதிரி முட்டையைச் சுற்றி அப்படியே நிற்கும், அதை நீங்கள் கையால்தானே கிழித்தீர்கள்? முட்டையும் புளித்திருக்கும். ஊறுகாய் போடுவதற்கு அது சரியான வழி. இடியாப்பத்துக்கு ஆகாது.

தங்கச்சிக்கு வருகிறேன். நான் ஏழு வருஷம் ஜப்பான் காடை வளர்த்து விட்டுவிட்டவன். குற்றாலம் சீசனில் கடைகளுக்கு உரித்த முட்டையாகவே கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் மூன்று இடத்தில் சறுக்கியிருக்கிறது. அதில் பெரியது, அன்றைக்கு இட்ட முட்டை. புது முட்டையின் வெள்ளை உள்தோலோடு ஒட்டிக்கொள்ளும். நாளாக ஆக உள்ளேயிருக்கும் கரியமில வாயு ஓட்டின் நுண்ணிய துளை வழியாகக் கசிந்து போகும், வெள்ளையின் காரத்தன்மை கூடும், தோலை விட்டுவிடும். கூர்முனைக்கு எதிர்ப்பக்கம், அந்த மழுங்கின முனையில் காற்றறையும் பெரிதாகும், நகம் நுழைய இடம் கிடைக்கும். நான் கடைக்கு அவிக்கும் முட்டையை ஃப்ரிட்ஜில் ஐந்து நாள் போட்டுவிட்டுத்தான் எடுப்பேன். எங்கள் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் அவ்வளவு நாள் நம்ப மாட்டேன்.

இரண்டாவது, பச்சைத் தண்ணீரில் போட்டது. மெதுவாகச் சூடேறினால் வெள்ளை தோலோடு சேர்ந்தே இறுகும். கொதிக்கிற தண்ணீரில் இறக்கினால் வெளி வெள்ளை சட்டென்று இறுகி, தோலைப் பிடிக்காமல் நிற்கும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. பச்சைத் தண்ணீர் கொதி வர உங்கள் அடுப்பில் எட்டு நிமிஷமோ பன்னிரண்டோ, அதற்குள் முட்டை பாதி வெந்துவிடும். அதற்கு மேல் மூன்று நிமிஷம் என்றால் அந்த மூன்றுக்கு அர்த்தமே இல்லை.

மூன்றாவது உங்கள் டேங்க் தண்ணீர். கோழி முட்டை 50 கிராமுக்கு மேல். காடை முட்டை 10 கிராம், கூடினால் 12. இவ்வளவு சின்ன முட்டையில் அரை நிமிஷம் என்பது பெரிய விஷயம். இறக்கிய பிறகும் உள்சூடு கருவை வேகவைத்துக்கொண்டே இருக்கும். ஐஸ் கட்டி போட்ட தண்ணீர் பக்கத்தில் தயாராக இருந்தால்தான் அடுப்பில் வைத்த முட்டை நம் சொல் கேட்கும்.

என் கணக்கு இது. ஒரு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது 12 முட்டை, ஜல்லிக் கரண்டியில் வைத்து மெல்ல இறக்க வேண்டும், மேலிருந்து போட்டால் விரிசல் விடும். அதற்கு மேல் போட்டால் கொதி அடங்கி, கணக்கு கெடும். முட்டை தண்ணீரைத் தொட்ட நொடியிலிருந்து எண்ணுங்கள். 2 நிமிஷம் 15 நொடியில் கரு ஒழுகும். 3 நிமிஷத்தில் நடுவில் மட்டும் பிசுபிசுப்பு. 4 நிமிஷத்தில் முழுக்கக் கட்டி. இது அறைச் சூட்டில் இருக்கும் முட்டைக்கு. ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்தால் அரை நிமிஷம் கூட்டிக்கொள்ளுங்கள். முட்டை மசாலாவில் மறுபடி கொதிக்கப் போகிறது என்றால் 3 நிமிஷத்திலேயே எடுத்துவிடுவேன்.

மாஞ்சோலையில் பிறந்தவன்

இந்த நிமிஷக் கணக்கெல்லாம் கீழ்நாட்டுக்காரர்களுக்குத்தான். மலையில் எங்கள் வீட்டில் நாலு நிமிஷத்தில் கரு ஒரு நாளும் கட்டியானதில்லை. ஆயிரம் மீட்டருக்கு மேலே தண்ணீர் 97 டிகிரி கிட்டேயே கொதித்துவிடும், அதுதான் காரணம். அம்மா ஐந்து நிமிஷம் வைப்பார். வேலைக்காகப் பாளையங்கோட்டைக்கு இறங்கி வந்தும் அதே ஐந்து, ஆறு என்று வைத்துக்கொண்டிருந்தேன். கருவைச் சுற்றிப் பச்சை கலந்த சாம்பல் வளையம் விழுந்தது. முட்டை கெட்டுப்போச்சு என்று ஒரு தட்டு முழுக்கக் கொட்டியும் விட்டேன்.

சுரண்டை பழைய பண்ணை

கொட்டியிருக்க வேண்டாம். வெள்ளையில் இருக்கும் கந்தகமும் கருவில் இருக்கும் இரும்பும் சேர்ந்து விழும் வளையம் அது. அதிகம் வெந்தது என்று அர்த்தம், கெட்டது என்று அர்த்தமில்லை.

மேலப்பாளையம் உம்மா

நாங்கள் தண்ணீரிலேயே போடுவதில்லை. இட்லிக் கொப்பரையில் தண்ணீர் கொதித்து ஆவி வந்ததும், தட்டுக் குழிக்கு மூன்று நாலு முட்டை அடுக்கி மூடிவிடுவேன். ஐந்து நிமிஷம். முட்டை ஒன்றோடொன்று மோதாது, விரிசல் ரொம்பக் குறைவு, ஓடும் நன்றாகக் கழலும். ஆனால் இதில் ஒழுகும் கரு எனக்கு ஒரு தடவையும் சரியாக அமையவில்லை. மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் ஆவி போய்விடுகிறது.

பிறந்தநாள் என்கிறீர்கள், வந்ததெல்லாம் பிள்ளைகள். சின்னப் பிள்ளைகளுக்கும் மாசமாக இருக்கிறவர்களுக்கும் ஒழுகும் கரு வேண்டாம் மகளே. கட்டியாக அவித்தே கொடுங்கள்.

தச்சநல்லூர் தனிக்கட்டை

சரி, வினிகரை விட்டுவிட்டேன். தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டால் ஓடு கழலும் என்கிறார்களே, அதுவும் காரம்தானே? அண்ணாச்சி சொன்னதோடு பொருந்துகிறது.

சுரண்டை பழைய பண்ணை

பொருந்துகிற மாதிரிதான் இருக்கிறது. நான் போட்டும் பார்த்தேன், போடாமலும் பார்த்தேன். ஐந்து நாள் முட்டையில் வித்தியாசமே தெரியவில்லை. புது முட்டையில் ஒரு தடவை கழன்றது, அடுத்த தடவை கழலவில்லை. மூன்று நாலு நிமிஷத்தில் ஓட்டைத் தாண்டி எவ்வளவு உள்ளே போகும் என்பது எனக்குச் சந்தேகம்.

மேலப்பாளையம் உம்மா

எனக்குச் சந்தேகமே இல்லை, கழலும். முப்பது வருஷமாகக் கோழி முட்டைக்குப் போடுகிறேன்.

பேட்டைக்காரி

இன்றைக்கு மறுபடி பார்த்துவிட்டேன். போன வாரம் வாங்கியதில் தனியாக எடுத்து வைத்த 12 முட்டை ஃப்ரிட்ஜில் இருந்தது, ஆறு நாள் ஆகிறது. ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, ஒரு லிட்டர் கொதிநீரில் இறக்கினேன். முதல் ஒரு நிமிஷம் கரண்டிக் காம்பால் மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தேன், கரு ஒரு பக்கம் ஒதுங்காமல் நடுவில் நிற்கும் என்று மைனி சொன்னாள். மகன் போனில் நொடி எண்ணினான். 2.15-இல் நாலு, 3-இல் நாலு, 4-இல் நாலு என்று எடுத்து, மூன்று கிண்ணத்தில் ஐஸ் தண்ணீர்.

நாலு நிமிஷ முட்டைக்குச் சுலபமான வழி கிடைத்தது. மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் முட்டையைப் போட்டு, இரண்டு விரல் உயரத் தண்ணீர் ஊற்றி, மெல்லப் பத்துத் தடவை குலுக்கினேன். ஓடு முழுக்க வலை மாதிரி நொறுங்கியது. மழுங்கின முனையில் தோலோடு சேர்த்துக் கிள்ளி இழுத்தால், நொறுங்கிய துண்டெல்லாம் தோலில் ஒட்டியபடி ஆப்பிள் தோல் சீவுகிற மாதிரி ஒரே சுருளாக வந்தது. உள்தோலைப் பிடிக்காமல் ஓட்டை மட்டும் சுரண்டியதுதான் அன்றைக்கு நான் பண்ணிய கூத்து.

இரண்டேகால் நிமிஷ முட்டையையும் அதே மாதிரி குலுக்கினேன். ஒன்று டப்பாவிலேயே உடைந்து தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. மிச்சத்தை ஸ்பூன் முதுகால் சுற்றிலும் தட்டி, தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டே உரித்தேன். இரண்டு முழுசாக வந்தது, கையில் வைத்தால் தளும்புகிறது. பிளந்தேன், கரு தட்டில் ஓடியது. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

மீதி ஒன்றுதான் புரியவில்லை. அதே பண்ணை, அதே நாள் முட்டை, அதே சட்டி. ஆனாலும் அதில் வெள்ளை பழையபடி ஓட்டோடு பிய்ந்து வந்தது.

சுரண்டை பழைய பண்ணை

அதை எந்த முனையில் ஆரம்பித்தீர்கள் தங்கச்சி?

பேட்டைக்காரி

புள்ளி நிறைய இருந்தது, முனையே தெரியவில்லை அண்ணாச்சி.

சுரண்டை பழைய பண்ணை

அப்படி இருந்தால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். காற்றறை உள்ள பக்கம் கொஞ்சம் மேலே தூக்கி நிற்கும். அங்கிருந்து ஆரம்பித்தும் பிய்ந்தால், எனக்கும் நூற்றுக்கு ஒன்றிரண்டு அப்படித்தான் வரும். அதை உரிக்கிறவர் வாயில் போட்டுக்கொள்வதுதான் எங்கள் பண்ணை வழக்கம்.