ஆர்சி என் பேரில், பாலிசி அப்பா பேரில்: ஏற்காடு இறக்கத்தில் கற்றுக்கொண்டது

அஸ்தம்பட்டி டீச்சர்:
அப்பாவுக்குக் கண்ணில் புரை. இனி ஸ்டியரிங் தொட மாட்டேன் என்று தை மாதம் காரை எனக்கே கொடுத்துவிட்டார். ஃபார்ம் 29, 30 இரண்டிலும் அவரும் நானும் கையெழுத்துப் போட்டு, மார்ச் கடைசியில் ஆர்சி என் பேருக்கு வந்துவிட்டது. ஆர்டிஓ ஆபீசில் இன்சூரன்ஸ் நகல் கேட்டார்கள். அப்பா பேரில் நவம்பர் வரை செல்லுபடியாகும் பாலிசியைக் கொடுத்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, அதனால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஜூனில் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது நல்ல மூடுபனி. ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய்த் தடுப்புச் சுவரில் இடித்துவிட்டேன். பம்பர், ரேடியேட்டர், ஒரு ஹெட்லைட். ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 62,000 ரூபாய். சர்வேயர் வந்தார், போட்டோ எடுத்தார், ஆர்சியையும் பாலிசியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பேர் மாறி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சே மேடம்" என்றார். பத்து நாளில் கிளெய்ம் மறுப்புக் கடிதம் வந்தது. அப்பா பெண்ணுக்குக் கொடுத்த வண்டிக்கே இப்படியா? வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

அம்மாபேட்டை ஸ்ப்ளெண்டர்:
அதுக்குத்தான் நான் குடும்பத்துக்குள்ள பேரே மாத்துறதில்ல. என் வண்டி இன்னும் அப்பா பேர்லதான் ஓடுது. லைசன்ஸ் இருந்தா யார் வேணா ஓட்டலாம், இன்சூரன்சும் செல்லும். வீண் செலவு எதுக்குங்க?

ஓய்வுபெற்ற ஏஜென்ட்:
தம்பி சொன்னதில் பாதி சரி. அப்பா அனுமதியோடு லைசன்ஸ் உள்ள மகன் ஓட்டினால், வண்டிச் சேதத்துக்கும் எதிராளிக்கும் அப்பாவின் பாலிசி செல்லும். ஆனால் அந்தப் பாலிசியில் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு இருக்கிறது பாருங்கள், அது பாலிசியில் பேர் உள்ள ஓனருக்கு மட்டும்தான். நீங்கள் தனியாகச் சறுக்கி விழுந்து ஏதாவது ஆனால், உங்கள் வீட்டுக்கு அந்தப் பணம் வராது. தினமும் ஓட்டுகிறவர் ஒருவர், பேரில் இருப்பவர் இன்னொருவர் என்றால் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். அப்புறம், வண்டி யார் கையில் இருந்தாலும் கோர்ட் நோட்டீஸ் ஆர்சியில் உள்ள பேருக்குத்தான் போகும்.

டீச்சரம்மா விஷயத்துக்கு வருகிறேன். பாலிசி ஒரே தாளாக இருந்தாலும் அதில் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று, நாம் இடித்த எதிராளிக்கான தேர்ட் பார்ட்டி. வண்டி கைமாறினால் அது சட்டப்படி தானாகவே புது ஓனருக்கு வந்துவிடும். நீங்கள் அந்த பஸ்ஸில் இடித்திருந்தால் கம்பெனி நழுவ முடியாது. இன்னொன்று, நம் வண்டிச் சேதம். அது தானாக வராது, கேட்டு மாற்ற வேண்டும். மாற்றாதவரை, விபத்து நடந்த அன்று உங்கள் அப்பாவுக்கு அந்த வண்டியில் இழக்க ஒன்றுமில்லை, உங்களுக்குப் பாலிசி இல்லை. நஷ்டம் ஒருவருக்கு, ஒப்பந்தம் வேறொருவரோடு. மகளா, அந்நியரா என்ற வித்தியாசம் இதில் கிடையாது. வண்டி கைமாறி 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆர்சி வர நாளாகும் என்றால், ஃபார்ம் 29, 30 கொடுத்ததற்கான ரசீதை வைத்தே முதலில் கம்பெனிக்குத் தெரிவித்துவிடலாம்.

ஆர்டிஓவில் சொல்லவில்லையே என்று கோபிக்க வேண்டாம். வண்டிக்கு நடப்பில் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பதுதான் அவர்கள் பார்ப்பது. யார் பேரில் என்பது அவர்கள் வேலை இல்லை.

அஸ்தம்பட்டி டீச்சர்:
ஐயா, மாற்றியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்? அப்பா ஒரு கிளெய்மும் எடுத்ததில்லை, 50 சதவீத போனஸ் இருந்தது. பாலிசியில் வண்டிச் சேதத்துக்கு 9,000 போட்டு, போனஸ் கழித்து 4,500 என்று இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஏஜென்ட்:
அங்கேதான் பலர் தயங்கி நிற்பார்கள். நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு இல்லை, பாலிசி எடுத்தவரின் ஒழுங்குக்கு. அது அப்பாவோடு போய்விடும், உங்களுக்கு வராது. அதனால் கழித்த 4,500-ல் மீதி நாளுக்கான பங்கைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். மார்ச் கடைசியிலிருந்து நவம்பர் கடைசி வரை எட்டு மாதம், ஆக 3,000 ரூபாய். மேலே 18 சதவீத ஜிஎஸ்டி 540. பேர் மாற்றும் கட்டணம் சில்லறைதான். மொத்தம் 3,600-க்குள் முடிந்திருக்கும்.

கொஞ்சம் பொறுத்து, பாலிசி முடிகிற மாதத்தில் பேர் மாற்றியிருந்தால் இந்த 3,000 கூட இல்லை. புதுப் பாலிசியே உங்கள் பேரில் போனஸ் இல்லாமல் தொடங்கியிருக்கும். அப்பா தன் போனஸுக்குச் சான்றுக் கடிதம் வாங்கி வைத்தால், மூன்று வருடத்துக்குள் வேறு கார் வாங்கினால் உதவும். புரை ஆபரேஷனுக்குப் பிறகு மனசு மாறினாலும் மாறும்.

மலைக்காப்பி:
எங்க அப்பா போன மாசம் தவறிட்டார். அவர் புல்லட்டை எனக்குன்னு சொல்லிட்டுத்தான் போனார். எனக்கும் இதே 14 நாள் கணக்குதானா? ஃபார்ம் 30 டவுன்லோடு பண்ணிட்டேன்.

ஓய்வுபெற்ற ஏஜென்ட்:
வருத்தமாக இருக்கிறது தம்பி. உங்களுடையது வேறு வழி. கொடுத்தவர் கையெழுத்துப் போட இல்லாததால் ஃபார்ம் 30 வேண்டாம், ஃபார்ம் 31. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் கேட்பார்கள். பாலிசி அவர் தவறிய நாளிலிருந்து மூன்று மாதம் வரை செல்லும், அதற்குள் காலாவதி தேதி வந்தால் அதுவரைதான். அதற்குள் பேரை மாற்றுங்கள். ஒரு விஷயம் மட்டும் உங்களுக்குச் சாதகம்: இறந்தவரின் போனஸ் மனைவிக்கோ மக்களுக்கோ வரலாம். உயிரோடு கொடுத்தால் வராத போனஸ் இறந்தபின் வருகிறது. என்ன கணக்கோ, விதி அப்படி.

சங்ககிரி லாரிக்காரர்:
லோன் போட்ட வண்டியா என்றும் பாருங்க. என் தங்கச்சிக்குக் கொடுத்த காருக்கு லோன் கட்டி மூணு வருஷம் ஆச்சு. ஆனா ஆர்சியில் பேங்க் பேர் அப்படியே இருந்துச்சு. என்ஓசி வாங்கி பீரோவில் வெச்சிருந்தேன், பழசாயிடுச்சுன்னு சொல்லி பேங்கில் புதுசு வாங்கி, பேங்க் பேரை எடுக்க ஃபார்ம் 35-ம் கொடுத்த பிறகுதான் பேர் மாறுச்சு. ஒரு மாசம் போச்சு.

அம்மாபேட்டை ஸ்ப்ளெண்டர்:
சரி, மாத்திடறேன். ஆனா டீச்சர் மாதிரி ஆறு லட்ச ரூபாய் காரை சும்மா வாங்கினா இன்கம் டாக்ஸ்காரன் சும்மா விடுவானா? 50,000-க்கு மேல கிஃப்ட்னா வரின்னு கேள்வி.

ஆடிட்டர் ஆபீஸ் பொண்ணு:
அண்ணா, அந்த 50,000 கணக்கு உறவு இல்லாதவர் தரும் பணத்துக்கு. அப்பா, அம்மா, கணவன், மனைவி, அண்ணன், தங்கை, சித்தப்பா, அத்தை, தாய்மாமன் எல்லாம் உறவுப் பட்டியலில் இருக்கிறார்கள், அவர்கள் எவ்வளவு தந்தாலும் வரி இல்லை. வண்டியையே கொடுத்தால் இன்னும் சுலபம். பரிசுக்கு வரி போடும் பொருள் பட்டியலில் நிலம், நகை, பங்கு எல்லாம் உண்டு, சொந்த உபயோகக் கார் இல்லை.

மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். எங்களிடம் வந்த ஒருவருக்கு மாமன் மகன் பைக் வாங்க 2 லட்சம் அக்கவுன்ட்டில் போட்டார். நம் வழக்கத்தில் மாமன் மகனை விட நெருங்கிய சொந்தம் உண்டா? சட்டத்தில் அவர் உறவே இல்லை. 50,000 போக மீதிக்கு அல்ல, முழு 2 லட்சமும் வருமானத்தில் சேர்ந்தது. அதையே மாமா கொடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. பணம் வாங்கியவரின் கல்யாணத்துக்குச் செய்த சீர் என்றாலும் தப்பித்திருப்பார், ஆனால் கல்யாணம் ஆகி நாலு வருஷம்.

அஸ்தம்பட்டி டீச்சர்:
நான் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, பிறகு இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம் என்றிருக்கிறேன். கட்டணம் இல்லை என்கிறார்கள். முழுசா இல்லாவிட்டாலும் பாதியாவது?

ஓய்வுபெற்ற ஏஜென்ட்:
போங்கள், ஆனால் கம்பெனியின் கடைசிப் பதில் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். எனக்கு நம்பிக்கை குறைவு.

சங்ககிரி லாரிக்காரர்:
எனக்கு அப்படித் தோணலைங்க. பிரீமியம் வாங்கினது வாங்கினதுதானே. கேட்டுப் பாருங்க டீச்சர்.

அஸ்தம்பட்டி டீச்சர்:
ரேடியேட்டர் மட்டும் மாற்றி வண்டியை எடுத்துவிட்டேன். ஹெட்லைட்டுக்கு அடுத்த மாதச் சம்பளம். பாலிசியை நேற்றே என் பேருக்கு மாற்றக் கொடுத்துவிட்டேன்.