எலக்ட்ரான் வளையம் மூடவில்லை, e/m-உம் 15% கூடுதலாக வருகிறது. எங்கே தப்பு?

நெல்லைக்காரி:
திருநெல்வேலியில் எம்.எஸ்சி. முதல் வருடம் படிக்கிறேன். e/m பரிசோதனையில் இரண்டு வாரமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

குறைந்த அழுத்தத்தில் வாயு நிரப்பிய கண்ணாடிக் குமிழ், அதன் இரு பக்கமும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள். ஒவ்வொரு சுருளிலும் 130 சுற்று, ஆரம் 15 செ.மீ. எலக்ட்ரான் துப்பாக்கி நேர் மேலே பார்க்கிறது. 200 V, 1.5 A வைத்தால் நீல வளையம் அழகாகத்தான் வருகிறது. ஆனால் ஒரு சுற்று முடித்து வரும் கற்றை புறப்பட்ட இடத்தில் சேரவில்லை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் சுமார் 2 செ.மீ. தள்ளிப் போகிறது.

முன்னாலிருந்து அளந்தால் விட்டம் 7.6 செ.மீ. சுருளின் புலம் 1.17 மில்லிடெஸ்லா. e/m = 2V/(B²r²) என்று போட்டால் 2.03 × 10¹¹ C/kg வருகிறது. வர வேண்டியது 1.76. வளையம் மூடாததுதான் இதற்கும் காரணமா?

வால்வு ரேடியோ:
வாயுதான் காரணம். எலக்ட்ரான் போகிற வழியில் வாயு அணுக்களில் மோதி ஆற்றலை இழக்கிறது. அதனால்தான் ஒளியே தெரிகிறது. வேகம் குறைந்தால் ஆரம் குறையும், வளையம் உள்பக்கமாகச் சுருண்டு போகும், மூடாது. r குறைவாக அளந்தால் e/m கூடத்தான் வரும். ஒளியின் உள் விளிம்பை விட்டுவிட்டு வெளி விளிம்பை அளந்து பாருங்கள்.

பைத்தான் பித்தன்:
எனக்கும் இதே பிரச்சினைதான்! ஆனால் கணினியில் கணக்கிட்டு வரைகிற என் வளையம் வெளியே விரிகிறது. ஒரு சுற்றுக்கு 100 படி வைத்தேன். பத்துச் சுற்றுக்குள் துகள் திரையை விட்டே ஓடிவிட்டது.

```python
ax, ay = w*vy, -w*vx
vx, vy = vx + ax*dt, vy + ay*dt
x, y = x + vx*dt, y + vy*dt
```

ஓய்வு பெற்ற லேப் ஆள்:
பித்தன் தம்பி, உங்களுடையது வேறு நோய். காந்த விசை எப்போதும் வேகத்துக்குச் செங்குத்து, அது வேகத்தைத் திருப்ப மட்டும்தான் செய்யும். நீங்களோ தொடுகோட்டில் ஒரு துண்டைக் கூட்டுகிறீர்கள். செங்கோண முக்கோணத்தின் கர்ணம் மாதிரி, ஒவ்வொரு படியிலும் வேகம் கொஞ்சம் நீளும். 100 படி வைத்தால் ஒரு சுற்றில் சுமார் 22% கூடிவிடும். கூட்டுவதற்குப் பதில் (vx, vy)-ஐ w*dt கோணத்துக்குச் சுழற்றுங்கள். மிச்சத்தைத் தனி இழையில் பேசுவோம்.

இப்போது நெல்லைத் தங்கச்சி. வால்வு ரேடியோ சொன்னதில் பாதி சரி. மோதி வேகம் குறைந்த எலக்ட்ரான்கள் உள்ளே சுருளும், ஆகவே வெளி விளிம்பைப் பார்ப்பதுதான் நல்லது. ஆனால் அந்தச் சுருக்கம் வளையத்தின் தளத்துக்குள்ளேயே நடக்கும். பக்கவாட்டில் பார்த்தால் அப்போதும் ஒற்றைக் கோடாகத்தான் தெரியும். உங்களுக்குப் பக்கவாட்டில் இடைவெளி தெரிகிறது என்கிறீர்கள். அது சுருள்வட்டப் பாதை. துப்பாக்கி ஒரு சுருளின் பக்கம் சாய்ந்திருக்கிறது, வேகத்தில் ஒரு சிறு பங்கு புலத்தின் திசையிலேயே போகிறது. அந்தப் பங்கைக் காந்தப் புலம் தொடவே தொடாது.

எவ்வளவு சாய்வு என்பதை அந்த 2 செ.மீ.யே சொல்லிவிடும். ஒரு சுற்றின் நீளம் 2π × 3.8, சுமார் 24 செ.மீ. அதற்குள் 2 செ.மீ. நகர்ந்தால் கோணம் 5 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. மின்சாரத்தை அணைத்துவிட்டு, தாங்கியைத் தளர்த்தி, குமிழை நேராக உட்கார வையுங்கள். 200 V இருக்கும்போது கை வைக்காதீர்கள்.

ஆனால் இது உங்கள் 15 சதவீதத்துக்குக் காரணம் இல்லை. ஆரத்தைத் தீர்மானிப்பது புலத்துக்குச் செங்குத்தான பங்கு. 5 டிகிரி சாய்வில் அது அரை சதவீதம்கூடக் குறையாது. e/m-இல் 1 சதவீதத்துக்குள்தான் பிழை வரும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற கோளாறு கணக்கில் சின்னதாக இருக்கிறது, அவ்வளவுதான். மேசை எந்தத் திசை பார்க்கிறது?

நெல்லைக்காரி:
நன்றி சார். சுருளின் அச்சு ஏறக்குறைய வடக்கு தெற்காக இருக்கிறது.

வால்வு ரேடியோ:
அப்படியானால் பூமியின் புலம்! அதுதான் வளையத்தைத் திறந்துவிடுகிறது.

ஓய்வு பெற்ற லேப் ஆள்:
ஆள் சரி, குற்றம் வேறு. காந்த நடுக்கோடு தென்கோடி இந்தியாவை ஒட்டிப் போகிறது, அதனால் திருநெல்வேலியில் பூமியின் புலம் கிட்டத்தட்ட முழுக்கவே கிடைமட்டம். அளவு சுமார் 40 மைக்ரோடெஸ்லா. துப்பாக்கி செங்குத்தாக மேலே சுடுகிறது. கிடைமட்டப் புலம் எந்தத் திசையில் இருந்தாலும் அதற்கு அது செங்குத்துதான். அச்சு கிழக்கு மேற்காக இருந்தாலும் வளையத்தின் தளம் 2 டிகிரி திரும்புமே தவிர, வளையம் திறக்காது.

அச்சு வடக்கு தெற்காக இருப்பதால் அந்த 40, சுருளின் 1170-உடன் நேராகக் கூடும் அல்லது கழியும். 3.4% என்றால் அற்பமாகத் தெரியும். சூத்திரத்தில் B வர்க்கமாக இருக்கிறது, ஆகவே e/m-இல் 7%. மேசையோடு எல்லாவற்றையும் 180 டிகிரி திருப்பி மறுபடி அளந்து பாருங்கள். சுருளின் மின்னோட்டத் திசையை மட்டும் மாற்றினால் கற்றை எதிர்ப்பக்கம் வளைந்து கண்ணாடியில் முட்டும்.

நெல்லைக்காரி:
இன்று செய்தேன். குமிழ் தாங்கியில் ஒரு பக்கம் ரப்பர் தேய்ந்துபோய்ச் சாய்ந்திருந்தது. அட்டை மடித்து வைத்து நிமிர்த்தினேன். வளையம் மூடிவிட்டது, பக்கத்திலிருந்து ஒற்றைக் கோடு! விட்டம் மட்டும் அதே 7.6. மேசையைத் திருப்பியதும் 8.1 ஆனது.

இரண்டின் 1/r-க்கும் சராசரி எடுத்தேன். விட்டம் 7.84 செ.மீ. என்று வந்தது, e/m 1.90 × 10¹¹. இன்னும் 8% கூடுதல். வெளி விளிம்பைத்தான் பார்த்தேன்.

ஓய்வு பெற்ற லேப் ஆள்:
1/r-க்குச் சராசரி எடுத்தது சரி, B அதோடுதான் நேர்விகிதம். மீதி 8% என்றால் ஆரத்தில் 4%. ஸ்கேல் எங்கே இருக்கிறது, நீங்கள் எங்கே நின்று பார்த்தீர்கள்?

நெல்லைக்காரி:
குமிழுக்கு முன்னால் ஒரு சட்டத்தில் ஸ்கேல். வளையம் அதற்குப் பின்னால் 4 செ.மீ. தள்ளி இருக்கும். நான் ஒரு மீட்டர் தூரத்தில் நடுவில் உட்கார்ந்து இரண்டு ஓரத்தையும் படித்தேன்.

ஓய்வு பெற்ற லேப் ஆள்:
பின்னால் இருக்கிற பொருளை முன்னால் இருக்கிற ஸ்கேலில் படித்தால் சின்னதாகத்தான் தெரியும். உங்கள் தூரங்களுக்கு அது 100-க்கு 96. இடது ஓரத்துக்குத் தலையை இடப்பக்கம் நகர்த்தி நேராகப் பாருங்கள், வலது ஓரத்துக்கு வலப்பக்கம். பின்னால் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு வைத்து, ஒளியும் அதன் பிம்பமும் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் படித்தால் இன்னும் நல்லது.

வால்வு ரேடியோ:
வோல்ட் மீட்டரையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். V 8% தவறாகக் காட்டினாலும் இதே விடைதான் வரும். இரண்டில் எது என்று ஒரே அளவீட்டில் பிரிக்க முடியாது.

நெல்லைக்காரி:
திங்கட்கிழமைதான் லேப் திறக்கும். வேறொரு மீட்டரும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

பைத்தான் பித்தன்:
சுழற்றிப் பார்த்தேன் அண்ணா, ஆயிரம் சுற்று போட்டும் ஆரம் மாறவில்லை. ஆனால் படியைப் பெரிதாக்கினால் வட்டத்தின் மையம் கொஞ்சம் தள்ளி வருகிறதே, அது ஏன்?