ரெண்டு மீதி சேர்ந்து ஒரே மீதி ஆகுதே, அதுக்குத் தமிழ்ல என்ன பேர்?

ஈசூன்:

எல்லாருக்கும் வணக்கம். நம்ம புளோக்குக்குக் கீழ வாய்டு டெக்ல சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைங்களையும் பாட்டி தாத்தாக்களையும் ஒண்ணா உக்கார வச்சு கணக்குப் புதிர் போடுறேன்னு போன மாசம் எழுதியிருந்தேன்ல, அதுல ஒரு சிக்கல். பிரைமரி ஃபைவ் படிக்கிற ஒரு பொண்ணோட அப்பா அவ ஒர்க்‌ஷீட்டை ஃபோன்ல படம் எடுத்து அனுப்பியிருக்கார். கேள்வியைத் தமிழ்ல சொன்னா இப்படி வரும்: ஒரு கடையில கொஞ்சம் முறுக்கு இருக்கு, 6 6ஆ பாக்கெட் போட்டா 4 மீதி, 8 8ஆ பாக்கெட் போட்டா 2 மீதி, மொத்தம் 60க்கு மேல 100க்குக் கீழ, அப்போ எத்தனை முறுக்கு? அந்த ரெண்டாவது மீதி மேல டியூப்லைட் வெளிச்சம் விழுந்து 2ஆ 3ஆன்னே தெரியல, நான் 2ன்னு எடுத்துக்கிட்டேன்.

பொண்ணு 10 பொருந்துதுன்னு சரியா கண்டுபிடிச்சுட்டா. அப்புறம் 6ஐயும் 8ஐயும் பெருக்கி 48 48ஆ கூட்டிப் போயிருக்கா, 10, 58, 106. 60க்கும் 100க்கும் நடுவுல ஒண்ணுமே விழல, அதனால "விடை இல்லை"ன்னு எழுதிட்டா. கூட்ட வேண்டியது 24. 10, 34, 58, 82ன்னு போகும், விடை 82.

நான் கேக்க வந்தது பேர். ரெண்டு நிபந்தனையும் சேர்ந்து கடைசியில "24 24ஆ போட்டா 10 மீதி"ன்னு ஒரே நிபந்தனையா ஆயிடுது. அந்த 10ஐ என்னன்னு சொல்றது, அந்த 24ஐ என்னன்னு சொல்றது? பிள்ளைங்க பள்ளியில எல்லாம் இங்கிலீஷ்ல படிக்குதுங்க, பாட்டிங்களுக்கு அது புரியாது, ரெண்டு பக்கமும் ஒரே வார்த்தை சொன்னாத்தான் சேர்ந்து போட முடியும். 10க்கு நான் யோசிச்சது "கூட்டுமீதி". சொல்லுங்க.

பிடோக்:

அக்கா, இதுக்கு இவ்வளவு சுத்தத் தேவையில்ல. 6க்கு 4 மீதின்னா 2 குறையுதுன்னு அர்த்தம். 8லயும் 2 குறையுது. அப்போ மொத்தத்தோட 2 சேர்த்தா ரெண்டுக்கும் மீதியில்லாம போகும், 6க்கும் 8க்கும் மீ.பொ.ம. 24, அதுலருந்து 2 கழிச்சா 22, 46, 70, 94. ஆனா 70, 94ன்னு ரெண்டு விடை வருது, அதனால கேள்வியே தப்பு. என் பையனுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன், பரீட்சையில எப்பவும் சரியா வந்திருக்கு.

தெம்பனிஸ்:

தம்பி, உங்க வழி சரிதான், ஆனா அது ரெண்டு குறையும் ஒண்ணா இருக்கும்போது மட்டும்தான். கேள்வியில 8க்கு 2 மீதின்னு இருக்கு, நீங்க 2 குறைன்னு படிச்சுட்டீங்க. 8க்கு 2 மீதின்னா குறை 6. ஒரு பக்கம் 2 குறை, இன்னொரு பக்கம் 6 குறை, 2ஐச் சேர்த்தாலும் 6ஐச் சேர்த்தாலும் ரெண்டும் ஒரே நேரத்துல நிரம்பாது. பள்ளிக் கணக்குல பல தடவை குறை சமமா இருக்கிற மாதிரியே வச்சிருப்பாங்க, அதனால உங்க பையன் இதுவரைக்கும் மாட்டல. குறை சமமான்னு முதல்ல பாக்கச் சொல்லுங்க, இல்லன்னா அந்த வழியை விட்டுடச் சொல்லுங்க.

எப்பவும் வேலை செய்ற வழி இது. பெரிய பாக்கெட்டை எடுத்துக்கோங்க, 8. 8க்கு 2 மீதி வர்ற எண்ணை வரிசையா எழுதுங்க: 2, 10, 18, 26, 34. இப்போ ஒவ்வொண்ணையும் 6ஆல வகுத்து மீதியை மட்டும் கீழ எழுதுங்க: 2, 4, 0, 2, 4. மூணு அடி வச்சதும் பழைய மீதியே திரும்ப வந்துடுது பாருங்க, ஏன்னா மூணு 8 சேர்ந்தா 24, அது நாலு 6க்குச் சமம். அதனாலதான் 10க்கு அப்புறம் அடுத்தது 34, நடுவுல வேற எதுவும் கிடையாது, 48 வரைக்கும் காத்திருக்கவும் வேணாம். 6க்கும் 8க்கும் பொதுவா 2 இருக்கிறதால பெருக்குன 48ல பாதி போயிடுது. 7ம் 8ம் மாதிரி பொது எதுவும் இல்லாத எண்ணா இருந்தா அந்தப் பொண்ணு பெருக்குனது அப்படியே சரியா வந்திருக்கும்.

இன்னொண்ணும் அந்த வரிசையில இருக்கு. கீழ வர்ற மீதி 2, 4, 0 மட்டும்தான், ஒத்தைப்படை வரவே வராது. இதையே திருப்பிப் பாருங்க: 6க்கு 4 மீதின்னா அந்த எண் இரட்டைப்படை, 8க்கு 3 மீதின்னா அந்த எண் ஒத்தைப்படை. ரெண்டும் ஒரே எண்ணா இருக்க வழியே இல்ல. அதனால படத்துல இருக்கிறது 2தான், 3 இல்ல, வெளிச்சம் எவ்வளவு விழுந்திருந்தாலும் சரி. ரெண்டு மீதிக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பொது எண்ணால வகுபடணும், வகுபடலன்னா பேனாவைக் கீழ வச்சுட்டு படத்தைத் திரும்பப் பாருங்க.

பேருக்கு வர்றேன். "கூட்டுமீதி" வேணாம்மா. கூட்டுன்னு சொன்னா பிள்ளைங்க 4ஐயும் 2ஐயும் கூட்டி 6ன்னு எழுதும், என் வகுப்புல கண்ணால பாத்திருக்கேன். இந்தச் சேர்க்கைக்கு நம்ம பக்கத்துலயே பழைய பேர் இருக்கு. கி.பி. 499 வாக்குல எழுதுன ஆரியபடீயத்துல கணிதபாதம்ங்கிற பகுதி முடியுற இடத்துல ஆரியபடர் இதே மாதிரி ரெண்டு வகுக்கும் எண், ரெண்டு மீதி எடுத்துக்கிட்டு ஒண்ணா சேக்குற முறையைச் சொல்றார், பின்னாடி வந்தவங்க அதைக் குட்டகம்னாங்க. கடைசியா கிடைக்கிற அந்த எண்ணை அவர் துவிச்சேதாக்ரம்ங்கிறார், ரெண்டு வகுத்திக்கும் பொதுவான மீதின்னு பொருள். தமிழ்ல "இருவகு மீதி"ன்னு வச்சா என்ன?

துவாஸ்:

அக்கா, டீச்சர், வணக்கம். எனக்கு இந்தக் கணக்கு பேரெல்லாம் தெரியாது, ஆனா படிச்சதும் மனசுல ஒண்ணு பட்டுச்சு, கேக்கலாமான்னு தெரியல. எங்க ரூம்ல 6 பேர், சமையல் முறை ஒவ்வொருத்தனுக்கும் 6 நாளுக்கு ஒரு தடவை வரும். என் ஊர்க்காரன் பக்கத்து ரூம்ல இருக்கான், அங்க 8 பேர், அவனுக்கு 8 நாளுக்கு ஒரு தடவை. எனக்கு முதல் முறை 4ஆம் நாள் வந்துச்சு, அவனுக்கு 3ஆம் நாள். ரெண்டு பேர் முறையும் ஒரே நாள் வந்தா சேர்ந்து தேக்கா போய் காய்கறி மொத்தமா வாங்கலாம், விலை குறையும், அவனோட ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டே போகலாம்னு ரெண்டு மாசமா நாள் எண்ணிக்கிட்டு இருக்கோம், வரவே இல்ல. இது அந்த 3 மீதி விஷயமா?

தெம்பனிஸ்:

அதே விஷயம்தான் தம்பி. உங்க முறை 4, 10, 16, 22, எல்லாம் இரட்டைப்படை நாள். அவர் முறை 3, 11, 19, 27, எல்லாம் ஒத்தைப்படை. ரெண்டு மாசம் இல்ல, எத்தனை வருஷம் எண்ணுனாலும் சேராது. அவர் ரூம்ல அவருக்கு முந்தின நாள் முறைக்காரரோட மாத்திக்கச் சொல்லுங்க. அவர் முறை 2, 10, 18ன்னு ஆயிடும், உங்க முறையோட 10, 34, 58, 82ன்னு 24 நாளுக்கு ஒரு தடவை பொருந்தும், ரெண்டு மாசம் போயிட்டதால இனிமே 82ஆம் நாள்லருந்து சேந்துக்கிட்டே இருக்கும். மாசம் மாறும்போது தேதியை 1லருந்து ஆரம்பிக்காதீங்க, முதல் நாள்லருந்து தொடர்ந்து எண்ணுங்க, இல்லன்னா கணக்கு தப்பிடும்.

செங்காங்:

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில படிச்சவள், அங்க நாங்கள் மீ.பொ.ம. எண்டு சொல்லுறேல்ல, பொ.ம.சி. எண்டுதான் சொல்லுவம், பொது மடங்குகளுள் சிறியது. இதை ஏன் சொல்லுறன் எண்டால் புதுச் சொல் வைக்கேக்க ரெண்டு பக்கத்துப் பாடப்புத்தகமும் மோதுற இடத்தைப் பாக்கோணும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில மட்டு எண்கணிதத்தில ரெண்டு எண்ணுக்கு ஒரே மீதி வாறதுக்கு "ஒருங்கிசைவு" எண்டு வைச்சிருக்கினம். எங்களுக்கு ஒருங்கிசைவு எண்டால் ஒண்டோட ஒண்டு அப்பிடியே பொருந்துற முக்கோணிகள்தான் ஞாபகம் வரும். அதால ஈசூன் அக்கா அந்தச் சொல்லை எடுக்காமல் மீதியிலேயே நிண்டது நல்லது.

ஆனால் டீச்சர், "இருவகு மீதி"யில எனக்கு ஒரு தயக்கம். நாளைக்கு 5 5ஆ கட்டினாலும் 2 மீதி எண்டு மூண்டாவது நிபந்தனை வந்தால் என்ன செய்வம்? மூவகு மீதி, நால்வகு மீதி எண்டு நீட்டிக்கொண்டே போறதோ? நான் சொல்லுறது "இணைமீதி". ரெண்டை இணைச்சாலும் நாலை இணைச்சாலும் அதே பேர் நிக்கும். 24க்கு "தாவல்" எண்டு வையுங்கோ, 10இல நிண்டு 24 தாவினால் 34, சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

அங் மோ கியோ:

"தாவல்" நல்ல சொல்தான், ஆனா மென்பொருளைத் தமிழாக்குற நாங்க பல வருஷமா பிரவுசர்ல மேல வரிசையா திறக்குற பக்கத்துக்கு அதைத்தான் போட்டுக்கிட்டு வர்றோம். இந்தப் புதிரைக் கணினியில போட்டுக் காட்டினா ரெண்டும் குழம்பும். "எட்டு வைக்கிறது"ன்னு சொல்லலாம்னு பாத்தேன், கணக்குலயே 8 இருக்கு, அது இன்னும் மோசம். "அடி"ன்னா நீளத்துக்கு உள்ள அடி. டீச்சர் மேல "மூணு அடி வச்சதும்"னு எழுதினப்ப எனக்கு ஒரு நொடி அளவுதான் தோணுச்சு. இதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல.

"இணைமீதி"யிலயும் ஒண்ணு சொல்லணும், இணைன்னா இணைகோடு மாதிரி பக்கத்துப் பக்கத்துல சேராம போறதுன்னு பள்ளிப் பிள்ளை எடுத்துக்கும். இது சேர்ந்து ஒண்ணா ஆகுறது. "சேர்மீதி"ன்னா?

பிடோக்:

கேள்வியைத் திரும்பப் படிச்சேன், ரெண்டு இடத்துலயும் மீதின்னுதான் இருக்கு, நான்தான் குறைன்னு படிச்சுட்டேன். பையனுக்கு ரெண்டு வரிசை எழுதுற வழியைச் சொல்லிக் கொடுத்துட்டேன். ஆனா எனக்கு ஒரு ஆசை, "குறை"யையும் ஒரு சொல்லா வச்சுக்கோங்க, மீதியும் குறையும் ஒரே விஷயத்தோட ரெண்டு பக்கம்னு தெரிஞ்சா எது சுலபமோ அதை எடுத்துக்கலாம். 6க்கு 5 மீதி, 8க்கு 7 மீதின்னு வந்தா ரெண்டுலயும் 1 குறை, வரிசையே எழுத வேணாம், 23ன்னு நேராச் சொல்லிடலாம்.

ஈசூன்:

பிடோக் தம்பி சொன்னது சேத்துக்கிறேன், மீதி, குறை ரெண்டும் பலகையில எழுதுவேன். அந்த அப்பாகிட்ட வேற வெளிச்சத்துல படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், டீச்சர் சொன்னபடி 2தான். பொண்ணு எழுதுன 58ஐ அடிக்கல, அதுக்கு முன்னாடி 34, அதுக்குப் பின்னாடி 82ன்னு நடுவுல ரெண்டையும் அவளே சேத்து எழுதிட்டா.

செங்காங் அக்கா கேட்ட மூணாவது நிபந்தனையை நேத்து ராத்திரி போட்டுப் பாத்தேன். 10, 34, 58, 82, இதை 5ஆல வகுத்தா மீதி 0, 4, 3, 2. 82ல 2 மீதி வந்துடுச்சு, அங்கருந்து 24 இல்ல, 120 120ஆத்தான் போகணும், அடுத்தது 202. அதாவது முதல்ல சேர்ந்து வந்த 10ஐயும் 24ஐயும் ஒரே நிபந்தனையா வச்சுக்கிட்டு அதோட மூணாவதைச் சேத்தாப் போதும், எப்பவும் ரெண்டைத்தான் சேக்குறோம். அதனால டீச்சரோட இருவகு மீதி எனக்கு இப்போ கூடுதலா பிடிக்குது, ஆனா பாட்டிங்க வாயில "சேர்மீதி" சுலபமா வருது. இந்தச் சனிக்கிழமை ரெண்டையும் சொல்லிப் பாக்குறேன். 24க்குப் பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட கேட்டேன், பூ கட்டுறவங்க, "அது மறுசுத்துக்கு ஆகுற எண்ணிக்கைம்மா"ன்னாங்க. "மறுசுற்று"ன்னு வச்சா அங் மோ கியோ தம்பிக்கு ஏதாவது மோதுதா?