அவசரம்: பக்கத்துக் காணிக்காரர் எல்லை தள்ளித் தூண் போடுகிறார், எந்தச் சேவயரைக் கூப்பிடுவது?

தண்ணீரூற்றுப்பிள்ளை
வணக்கம். பக்கத்துக் காணிக்காரர் எங்கள் பக்கம் தள்ளி சீமெந்துத் தூண் நட்டு, முட்கம்பி இழுக்கத் தொடங்கிவிட்டார். கிழக்கில் 11 அடி உள்ளே வந்திருக்கிறார். மேற்கே போகப் போகக் குறைந்து கடைசியில் 3 அடி. அம்மா தனிய இருக்கிறா, நான் கொழும்பில் வேலை. கேட்டால் "அளந்துதான் போடுறன்" என்கிறார். சேவயரைக் கொண்டுவந்தால் தூணைப் பிடுங்க வைக்கலாமா? அரசாங்கச் சேவயரா, தனியாரா? கெதியாகச் சொல்லுங்கோ.

சங்கிலிக்காரன்
உறுதிக் காணியா, பேமிட் காணியா? உறுதி என்றால் எந்த வருடத்தது, அதோடு பிளான் இருக்கிறதா? பக்கத்துக்காரர் சொந்தமா, பிறத்தியா?

வவுனியா வாசகன்
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ தடவை வந்துவிட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். "காணி" என்று மட்டும் எழுதினால் வானத்தைப் பார்த்தா பதில் சொல்வது?

இரணைமடுக் கமக்காரன்
பிள்ளை, டி.எஸ். ஒப்பீசுக்குப் போங்கோ. எங்கட வயலிலும் இதே பிரச்சினைதான், வாய்க்கால் பக்கத்து வரம்பை ஒருத்தர் வருடா வருடம் மண்வெட்டியால் அரிந்து தன் பக்கம் சேர்த்துக்கொண்டு வந்தார். காணி உத்தியோகத்தர் வந்து பார்த்தார். பிறகு பிரதேச செயலாளர் நில அளவைத் திணைக்களத்துக்கு எழுதி, அரசாங்கச் சேவயர் வந்து அவர்களுடைய வரைபடத்தை வைத்துக் கல் போட்டுத் தந்தார். வரக் காலம் எடுத்தது, ஆனால் அதன் பிறகு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

தண்ணீரூற்றுப்பிள்ளை
மன்னிக்கவும், வேலை நேரம். உறுதிக் காணி. அப்பப்பாவின் 3 ஏக்கர். 1974இல் இரண்டு மகன்மாருக்கும் நன்கொடை உறுதி எழுதினவர். வடக்குத் துண்டு பெரியப்பாவுக்கு, தெற்குத் துண்டு அப்பாவுக்கு, ஒவ்வொன்றும் ஒன்றரை ஏக்கர். சேவயர் பிளானில் துண்டு 1, துண்டு 2 என்று பிரித்திருக்கிறது. பிளான் நகல் அம்மாவிடம் இருக்கிறது, இடப்பெயர்வில் உறுதிகளோடு சேர்த்துக் கொண்டு திரிந்தவ. தூண் போடுவது பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணா முறை.

சங்கிலிக்காரன்
பிளான் இருக்கிறதே, பாதிப் பிரச்சினை முடிந்தது. உறுதிக் காணிக்கு டி.எஸ். ஒப்பீசு அளக்க வராது. கமக்காரன் ஐயா சொன்னது அரசகாணிக்குச் சரி, உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு வேண்டியது உரிமம் பெற்ற தனியார் அளவையாளர். பிளானில் இரண்டு துண்டின் அளவும், வடக்கே என்ன, தெற்கே என்ன என்பதும் போடுங்கோ. கிணறு, மதகு ஏதாவது கீறியிருக்கிறதா?

தண்ணீரூற்றுப்பிள்ளை
கிழக்கு மேற்காக 1000 லிங்ஸ். வடக்குத் தெற்காக ஒவ்வொரு துண்டும் 150 லிங்ஸ். வடக்கே றோட்டு, முந்தி ஒழுங்கையாக இருந்தது, மீள்குடியேற்றத்துக்குப் பிறகு அகலமாக்கினார்கள். தெற்கே வேறு ஆட்களின் காணி. எங்கள் துண்டில் கிணறு கீறியிருக்கிறது, நடுக்கோட்டிலிருந்து 40 லிங்ஸ் என்று எழுதியிருக்கிறது.

நெடுங்கேணி நவம்
இதுக்கெல்லாம் ஏன் சேவயருக்குக் காசு? போனில் ஜி.பி.எஸ். ஆப் போட்டு நாலு மூலையும் நடந்தால் ஏக்கர் கணக்குடன் வந்துவிடும். நான் என் தென்னங்காணியை அப்படித்தான் அளந்தேன்.

சங்கிலிக்காரன்
தம்பி நவம், திறந்த வெளியிலேயே போன் மூன்று, நாலு மீற்றர் பிசகும். பனைக்கும் பூவரசுக்கும் கீழே இன்னும் கூட. இங்கே சண்டையே 11 அடிக்கு. தென்னங்காணிக்கு எத்தனை பசளை மூட்டை வேண்டும் என்று பார்க்க ஆப் போதும், எல்லைக்குப் போதாது.

பிள்ளைக்கு: 1000 லிங்ஸ் என்றால் 10 சங்கிலி, 660 அடி. 150 லிங்ஸ் 99 அடி. பெருக்கிப் பார்த்தால் சரியாக ஒன்றரை ஏக்கர், பிளான் கணக்கு ஒத்துப்போகிறது. எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் அண்ணா றோட்டு வேலியிலிருந்து ரேப் பிடித்து 99 அடி இழுத்திருக்கிறார் போல. ஒழுங்கை அகலமானபோது அவருடைய துண்டு வடக்கே தின்னப்பட்டிருக்கும். அந்தக் குறையை அறியாமலோ அறிந்தோ தெற்கே தள்ளிவிட்டார். சோதிப்பது லேசு. றோட்டு வேலியிலிருந்து புதுத் தூண் வரை இரண்டு பக்கமும் அளக்கச் சொல்லுங்கோ.

சட்டப்புள்ளி
ஒருவரும் முக்கியமான விஷயத்தைச் சொல்லவில்லை. பத்து வருடம் ஆண்டுவிட்டால் காணி ஆண்டவனுக்கே. 1871ஆம் ஆண்டுச் சட்டம். அண்ணா முந்தியிருந்தே அந்த இடத்தை ஆண்டிருந்தால் எந்தப் பிளானும் செல்லாது. அளக்க முதல் சட்டத்தரணியைப் பாருங்கோ.

வவுனியா வாசகன்
முகப்புத்தகச் சட்டக் கல்லூரியில் படித்தீர்களோ? சும்மா ஆண்டால் போதாது, மற்றவரின் உரிமைக்கு எதிராக ஆண்டதாகக் காட்டவேண்டும். சொந்தத்துக்குள் அது இன்னும் கஷ்டம். போரால் தன் காணிக்கு வரமுடியாமல் இருந்தவர்களுக்காக 2016இல் தனிச் சட்டமே வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணக்கில் எடுப்பதில்லை.

சட்டப்புள்ளி
2009இல் இருந்து எண்ணினாலும் பத்து வருடம் தாண்டிவிட்டது, ஐயா. அதுவும் அந்தச் சட்டத்தில் வழக்குப் போடக் காலக்கெடு இருந்தது. இடம்பெயர்ந்து வெளிநாடு போய்விட்டு இப்போது வந்து "என் காணி" என்பவர்களுக்காக இங்கே இருந்து காடு வெட்டியவன் எழும்பிப் போகவேண்டுமா?

லண்டன் மயில்
வெளிநாடு போனவன் விருப்பத்துக்கா போனான்? என் அப்பாவின் காணியில் இப்போது வேறு ஆள் கடை கட்டியிருக்கிறார். நீங்கள் சொல்வதைக் கேட்டால் வயிறு எரிகிறது.

இரணைமடுக் கமக்காரன்
பேமிட் காணி என்றால் இந்தப் பத்து வருடக் கதையே இல்லை. அரசாங்கத்துக்கு எதிராக ஆட்சியுரிமை ஓடாது. அது ஒரு நிம்மதி.

சங்கிலிக்காரன்
இந்தச் சண்டையை வேறு இடத்தில் பிடியுங்கோ. இங்கே தூண் இப்போதுதான் நடப்படுகிறது. ஆனால் சட்டப்புள்ளி சொன்னதில் ஒன்று உண்டு. மீள்குடியேறிய நாளிலிருந்து பழைய வேலி எங்கே நின்றது என்பது நாளைக்குக் கேட்கப்படும். அம்மாவிடம் கேளுங்கோ, பழைய படம் இருந்தால் எடுத்து வையுங்கோ.

தண்ணீரூற்றுப்பிள்ளை
அளந்தாச்சு. பக்கத்துப் பெடியன் ரேப் பிடித்தவன். இரண்டு பக்கமும் 99 அடிதான்! கிளுவைக் கதியால் வேலி பழைய இடத்தில்தான் நின்றதாம். அண்ணா போன கிழமை வெட்டினவராம், அடிக்கட்டைகள் இன்னும் கிடக்குதாம். இப்போது என்ன செய்ய?

சங்கிலிக்காரன்
அடிக்கட்டைகளை ஒருவரும் கிளறவேண்டாம். தூணையும் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் பொலிஸ், பிறகு நீதிமன்றம். அங்கே முதலில் பார்ப்பது யார் அந்த நேரம் இருப்பில் இருந்தது என்பதைத்தான், எல்லை எங்கே என்பதை அல்ல.

அண்ணாவிடம் சேவயர் வரும் நாளைச் சொல்லி, நிற்கக் கூப்பிடுங்கோ, முடிந்தால் செலவைப் பாதி போடச் சொல்லுங்கோ. நீங்கள் மட்டும் கூப்பிட்டு வரைந்த பிளான் அவரைக் கட்டாது. வழக்கு என்று போனால் நீதிமன்றம் தானே ஒரு அளவையாளரை ஆணை கொடுத்து அனுப்பும். அதற்கு முன்பே இருவரும் நின்று அளந்து கையெழுத்து வைத்தால் ஆயிரம் மடங்கு நல்லது.

சேவயர் வந்ததும் வடக்கு வேலியிலிருந்து தொடங்கமாட்டார், தொடங்கினால் அவரை அனுப்பிவிடுங்கோ. 1974இலும் நின்று இன்றும் அசையாமல் நிற்பவற்றைத்தான் தேடுவார். உங்களுக்கு அது தெற்கு மூலைக் கற்களும் கிணறும். தெற்குக் கல்லிலிருந்து வடக்கே 99 அடி வந்தால் நடுக்கோடு. ஆனால் தெற்குக் கல்லையும் யாராவது நகர்த்தியிருக்கலாம். அதைப் பிடித்துத் தருவது கிணறு. 40 லிங்ஸ் என்பது 26 அடி 5 அங்குலம். கிணற்றில் பிளான் சொன்ன அதே புள்ளியிலிருந்து அவ்வளவு போனால் அதே கோட்டில் விழவேண்டும். இரண்டும் அரை அடிக்குள் ஒத்துவந்தால் நம்பலாம். பழைய பிளானின் வடக்கு காந்த ஊசி வடக்கு, திசைப்பாகையை அப்படியே எடுத்து வைத்தால் 660 அடி நீளத்தில் கோடு எங்கோ போய் நிற்கும். நல்ல சேவயர் ஊசியை விட்டுவிட்டு, எஞ்சிய அடையாளங்களின் மேல் பிளானைப் பொருத்துவார்.

மேற்கு மூலை பற்றைக் காடா? மிதிவெடி அகற்றி முடித்த இடமா என்று ஜி.எஸ்.இடம் கேட்காமல் ஒருவரும் மண்வெட்டி போடவேண்டாம்.

நெடுங்கேணி நவம்
சேவயருக்கு எவ்வளவு கேட்பார்கள்?

வவுனியா வாசகன்
அது சேவயரைத்தான் கேட்கவேண்டும்.

தண்ணீரூற்றுப்பிள்ளை
ஒரு வரியில் சொல்கிறேன், பஸ்ஸில் நிற்கிறேன். சேவயர் வந்தார். தெற்கு கிழக்கு மூலையில் ஒன்றரை அடி ஆழத்தில் கல் இருந்தது. மேற்குக் கல் அகப்படவில்லை. அந்தப் பக்கத்துக்குக் கிணற்றோடு தெற்குக் காணிக்காரரின் பழைய பிளானையும் எடுத்துப் பொருத்தினார். கோடு கதியால் அடிக்கட்டை வரிசைக்கு அரை அடி தெற்கே விழுந்தது. எங்கள் பழைய வேலிதான் அரை அடி அவர் பக்கம் இருந்திருக்கிறது! அம்மா சரி என்றுவிட்டா. புதுத் தூண் கிழக்கில் பத்தரை அடியும் மேற்கில் இரண்டரை அடியும் எங்களுக்குள். அண்ணா அளவை ஒத்துக்கொண்டார், கையெழுத்து வைக்கவில்லை. றோட்டுக்குப் போனதை இரண்டு பேரும் பாதி பாதி தாங்கவேண்டும் என்கிறார். அப்பப்பா இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பாராம்.

சங்கிலிக்காரன்
சராசரி ஆறரை அடி, 660 அடி நீளம். கிட்டத்தட்ட 16 பேர்ச் வரும். பாதி கொடுப்பதென்றால் 8 பேர்ச். கொடுப்பதும் விடுவதும் அம்மாவின் விருப்பம், ஆனால் கொடுத்தால் வாயால் கொடுக்கவேண்டாம். புதுப் பிளான் வரைந்து நொத்தாரிசு உறுதி எழுதினால்தான் செல்லும். இல்லாவிட்டால் உங்கள் பிள்ளைகள் காலத்தில் இதே சண்டை. அதற்கு முன் அண்ணாவை பிரதேச சபையில் கேட்கச் சொல்லுங்கோ, அந்தத் துண்டை எழுத்தில் எடுத்தார்களா, இல்லை வேலியைத் தள்ளச் சொல்லிவிட்டுப் போனார்களா என்று. உடன்படாவிட்டால் இணக்கசபை.

லண்டன் மயில்
அண்ணா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. றோட்டை இரண்டு வீடும்தானே பாவிக்கிறது.

சட்டப்புள்ளி
நியாயம் வேறு, உறுதி வேறு.

விசுவமடு விஜி
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எங்களுக்குக் கல்லும் இல்லை, கிணறும் மூடிவிட்டார்கள், பிளான் 2009இல் எரிந்துவிட்டது. அப்போது எதிலிருந்து அளப்பது?

சங்கிலிக்காரன்
சுற்றியுள்ள காணிக்காரரின் பிளான்களைத் தேடுங்கோ. வடக்கே இருப்பவரின் தெற்கு எல்லைதான் உங்கள் வடக்கு எல்லை. உறுதியின் நகல் காணிப் பதிவகத்தில் எடுக்கலாம், அதில் பிளான் இலக்கமும் வரைந்தவர் பெயரும் இருக்கும். அந்தச் சேவயரின் பழைய தாள்கள் அவர் வீட்டாரிடமோ அவருக்குப் பின் தொழில் செய்தவரிடமோ இருக்கக்கூடும். முதலில் சொல்லுங்கோ, உறுதியா பேமிட்டா?